ரிமார்க் டீச்சரின் வாக்கியங்கள்

ரேங்க் கார்டு கொடுக்கிற நாளில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு மெதுவாக நடப்பார்கள். ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவுப் பிள்ளைகள் மட்டும் ஓடுவார்கள். கணக்கில் இருபது எடுத்தவனும் ஓடுவான். அந்த வகுப்பு டீச்சருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எவரும் பயன்படுத்தவில்லை. பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் அவர் ரிமார்க் டீச்சர்.

ரேங்க் கார்டின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, 'ஆசிரியர் குறிப்பு' என்று இரண்டு கோடு போட்டு விட்டிருப்பார்கள். ஊரில் உள்ள வாத்தியார்கள் எல்லாம் அதில் 'நன்று' என்றும் 'முயற்சி தேவை' என்றும் எழுதி, அறுபது அட்டையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அந்த இரண்டு கோட்டுக்கு யார் தனிச் சம்பளம் கொடுக்கிறார்கள்? ஆனால் ரிமார்க் டீச்சர் அந்த இரண்டு கோட்டிலேயே குடியிருந்தார்.

தினமும் மணி அடித்த பிறகு வருகிற ஒரு பெண்ணுக்கு எழுதினார்: "எல்லாப் பாடத்தின் முடிவும் இவளுக்கு அத்துப்படி. தொடக்கமும் சுவையாகத்தான் இருக்கும், ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்." எல்லோரிடமும் பென்சில் கடன் வாங்குகிற ஒருவனுக்கு: "வகுப்பின் பென்சில்கள் அனைத்தும் இவனிடம்தான் உள்ளன. வகுப்பின் அன்பும் இவனிடம்தான் உள்ளது. பென்சில்களை மட்டும் திருப்பித் தந்தால் போதும்." கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிய ஒரு பிள்ளைக்கு: "போன தடவை முப்பத்திரண்டு. ஏறிக்கொண்டிருக்கிற ஆளை ஏணியை ஆட்டித் திட்ட வேண்டாம்." அந்த வீட்டில் பெல்ட்டை உருவப் போன அப்பா, இதைப் படித்துவிட்டுப் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார் என்று பிள்ளையின் அம்மாவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இது சும்மா வந்த வேடிக்கை இல்லை. டீச்சர் நான்காவது படித்தபோது அவருடைய அட்டையில் ஒரு வாத்தியார் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'மந்தம்'. அதை எழுத அந்த வாத்தியாருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால் மந்தம், பாத்திரம் கைநழுவினால் மந்தம், கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்களுக்கு நடுவில்கூட, "எங்க வீட்டு மந்தத்த ஒருத்தன் கட்டிக்க வர்றான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா கெட்டவர் இல்லை. வாத்தியார் எழுதிக் கொடுத்ததை நம்பினார், அவ்வளவுதான். அதனால்தான் டீச்சர் அந்த இடத்தை மற்றவர்களைப் போல விட்டுவிடவில்லை.

அதற்கென்று அவர் சில வழிமுறைகள் வைத்திருந்தார். முதலாவது, பருவம் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது. அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்று கண்ணில் படும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். இரண்டாவது, எழுதியதைப் பிள்ளைக்கே முதலில் காட்டுவது. பிள்ளை சிரித்தால் சரி, முகம் சுருங்கினால் அந்த வாக்கியம் குப்பைக்கு. மூன்றாவது, அட்டையைக் கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி மடித்துக் கொடுப்பது. வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிற அப்பா, மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் ரிமார்க்கைப் பார்த்தாக வேண்டும். முதலில் சிரிப்பு, பிறகு மார்க். இந்த வரிசை மாறினால் எல்லாம் கெட்டது என்பார்.

நான்காவது வழிமுறைக்கு இன்னோர் ஆள் தேவைப்பட்டது. அதுதான் கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சர் பக்கத்து 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை, வயதில் இளையவர். ஆசிரியர் அறையில் இருவருக்கும் ஒரே மேசை. கணக்கு டீச்சரின் கணவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, அவருடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்து, விடைத்தாள்களையும் திருத்திக் கொடுத்தவர் ரிமார்க் டீச்சர். "கூடப் பிறந்திருந்தா இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாங்கக்கா" என்று கணக்கு டீச்சர் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அட்டை எழுதுகிற வாரத்தில் கணக்கு டீச்சர்தான் கோபக்கார அப்பா. ஒவ்வொரு ரிமார்க்கையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எரிந்து விழுகிற குரலில் உரக்கப் படிப்பார். அந்தக் குரலில் படித்தும் வாக்கியம் குத்தாமல் இருந்தால்தான் அட்டையில் ஏறும். கணக்கு டீச்சருக்கு அந்த வேலை கைவந்த கலை. எந்தச் சொல் பிள்ளையின் முதுகில் விழும் என்று சரியாகக் கண்டுபிடிப்பார். "இந்த 'மட்டும்' வேணாம்க்கா, இதுக்கே ரெண்டு அறை விழும்" என்பார். அறையே சிரிக்கும். பிறகு தன் செல்போனில் எல்லா ரிமார்க்கையும் படம் எடுத்துக்கொள்வார்.

"எதுக்கும்மா இதெல்லாம் உனக்கு?" என்று ஒருமுறை டீச்சர் கேட்டார்.

"சும்மாதான்க்கா. மனசு சரியில்லாதப்ப எடுத்துப் படிச்சா நல்லா இருக்கும்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதுகிறவர்களை விழவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மறு வருஷம் பள்ளிக்குக் கம்ப்யூட்டரில் அட்டை அடிக்கும் ஏற்பாடு வந்தது. கூடவே அதை நடத்த ஒரு பொறுப்பாளர் பதவியும் வந்தது. தனி அறை, பாடவேளையில் பாதி குறைவு. கணக்கு டீச்சருக்கு அது கிடைத்தது என்று கேட்டபோது முதலில் கைகொடுத்தவர் ரிமார்க் டீச்சர்தான். எப்படிக் கிடைத்தது என்பது அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தெரிந்தது.

சுவரில் விழுந்த வெளிச்சத்தில் கணக்கு டீச்சர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். மார்க்கை இங்கே போட வேண்டும், வருகையை இங்கே போட வேண்டும். குறிப்பு என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும், அதில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வாக்கியம் தானாகவே அட்டையில் வந்து உட்காரும். பட்டியல் இறங்கியது.

ஏணி இருந்தது. பென்சில்கள் இருந்தன. பாடத்தின் முடிவும் தொடக்கமும் இருந்தன. 'இவன்', 'இவள்' எல்லாம் போய், எல்லா இடத்திலும் 'இம்மாணவர்' வந்திருந்தது. நடுவில் ஒன்று:

"வகுப்பில் சத்தம் இல்லையென்றால் நான் முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பேன், இம்மாணவர் வரவில்லையோ என்று. பேசுவதில் பாதியைத் தாளில் இறக்கி வைத்தால் போதும், அப்புறம் இவரைப் பிடிக்க ஆளில்லை."

அறை கைதட்டியது, இதே வாக்கியங்களை மேசையில் கேட்டுச் சிரித்தவர்களும் சேர்ந்தே தட்டினார்கள். தலைமையாசிரியை, "பெற்றோர் ரொம்ப நாளா எல்லா வகுப்புக்கும் இந்த மாதிரி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க" என்று கணக்கு டீச்சரின் தோளில் தட்டினார். கணக்கு டீச்சர் புன்னகையோடு தலைகுனிந்தார். ரிமார்க் டீச்சர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

வாக்கியங்கள் போனதில் டீச்சருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவை என்ன சொத்தா? கேட்டிருந்தால் கட்டி எடுத்துக் கொடுத்திருப்பார். ஆனால் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், ஒரே ஒரு தடவை. அது பொறுக்கவில்லை. கூட்டம் முடியும்வரை தன் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் கணக்கு டீச்சரே பின்னால் வந்தார். "உங்ககிட்ட சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். வேலையில மறந்துபோச்சு."

"பரவால்ல. ஆனா ஒண்ணு கேளு. அதெல்லாம் ஒவ்வொரு பிள்ளையப் பாத்து எழுதினது. கண்ண மூடிக்கிட்டு வேற பிள்ளைக்குப் போட்டுடாதீங்க."

"என்னக்கா, பென்சில் வாங்காத பிள்ளையும் பேசாத பிள்ளையும் எங்க இருக்கு? எல்லாம் பொதுதானே."

டீச்சர் தன் வகுப்புக்குப் பட்டியலைத் தொடவில்லை. பட்டியலுக்குக் கீழே சொந்தமாக எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது, அதில் எழுத்தெண்ணி எழுதினார். அரையாண்டு அட்டைகள் வந்தன, போயின. அதற்கு அடுத்த வாரம் தையற்காரர் வந்தார்.

கடைத்தெருவில் ஒற்றை மிஷின் வைத்திருக்கும் மனிதர் அவர். அவருடைய மகன் முன்பு ரிமார்க் டீச்சரின் வகுப்பில் படித்து, இப்போது பெரிய பள்ளிக்குப் போய்விட்டான். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில், கணக்கு டீச்சரிடம் படிக்கிறாள். தையற்காரர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், ரிமார்க் டீச்சரைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். டீச்சர் உள்ளே போனபோது கணக்கு டீச்சரும் அங்கே இருந்தார். மேசைமேல் இரண்டு அட்டைகள். ஒன்று ஓரம் மஞ்சளித்த பழைய அட்டை, டீச்சரின் கையெழுத்தில். மற்றொன்று அச்சடித்தது.

"படிச்சுப் பாருங்க டீச்சர்" என்றார் தையற்காரர். குரலை உயர்த்தவில்லை.

பழைய அட்டையில்: "வகுப்பில் சத்தம் இல்லையென்றால் நான் முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பேன், இவன் வரவில்லையோ என்று." புதிய அட்டையில் அதே வாக்கியம், புள்ளி மாறாமல், இவனுக்குப் பதில் இம்மாணவர்.

"எம்பொண்ணுக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள அவளுக்கு வேர்த்துக் கொட்டிடும். அதனால வகுப்புல வாயே திறக்கிறதில்ல. அவளுக்குப் போயி, பேசுறதுல பாதியத் தாள்ல எழுதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. பக்கத்துல இருந்த பிள்ளைங்க சத்தமாப் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. நாலு நாளா பள்ளிக்கூடம் வர மாட்டேங்கிறா. வீட்லயும் பேச மாட்டேங்கிறா. சாப்பிடக் கூப்பிட்டாலும் தலைய மட்டும் ஆட்டுறா."

எந்த வாக்கியத்தை ஒரு பையனைச் சிரிக்கவைக்க டீச்சர் எழுதினாரோ, அதே வாக்கியம் அவன் தங்கையின் வாயைக் கட்டியிருந்தது.

தலைமையாசிரியை கணக்கு டீச்சரைப் பார்த்தார். "இது எப்படி வந்துச்சு?"

கணக்கு டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஒரே ரிமார்க் வந்தா பெத்தவங்க ஒப்பிட்டுப் பாத்துக் கேப்பாங்க மேடம். அதனால பட்டியல்ல இருக்கிற நம்பர வரிசையாச் சுத்திச் சுத்திப் போட்டேன். இவளுக்கு அது விழுந்துடுச்சு." பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வாக்கியம் எல்லாம் அக்கா எழுதினது மேடம். நான் டைப் பண்ணது மட்டும்தான்."

கைதட்டு வாங்கியபோது வாக்கியங்கள் கணக்கு டீச்சருடையவை. அடி விழுகிறபோது அக்காவுடையவை. ரிமார்க் டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் ஒரே மேசையில் பக்கத்தில் உட்கார்ந்த முகம், இப்போது மேசைமேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு ரிமார்க்கையும் கோபக்கார அப்பா குரல்ல படிச்சு, எது குத்தும்னு எனக்கே சொன்னவ நீ. இந்தப் பிள்ளைக்குப் போடறப்ப ஒரு தடவ படிச்சுப் பாத்தியா?"

"அறுபது அட்டைக்கா" என்றார் கணக்கு டீச்சர் மெல்ல. "எங்க படிக்கிறது?"

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "யாரு போட்டாங்கங்கிறத நாம அப்புறம் பேசிக்கலாம். வாக்கியம் உங்களதுதானே டீச்சர்? அப்ப மன்னிப்பும் நீங்க கேக்கிறதுதானே முறை. எழுதிக் குடுத்துடுங்க. இனிமே எல்லா வகுப்புக்கும் நன்று, முயற்சி தேவை, இந்த ரெண்டுதான். இந்த வேடிக்கையெல்லாம் வேணாம்."

டீச்சர் தையற்காரர் பக்கம் திரும்பினார். கை கூப்ப வேண்டும் போலிருந்தது, கூப்பினார்.

"வாக்கியம் என்னோடதுதான் அண்ணே. அதுக்கு மன்னிப்பு கேக்குறேன். ஆனா உங்க பொண்ணுக்கு நான் எழுதல. அவளப் பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

தையற்காரர் பழைய அட்டையை விரலால் தடவினார். "இத என் மிஷினுக்கு மேல சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன் டீச்சர். துணி தைக்க வர்றவங்கல்லாம் படிச்சுட்டு, யாருப்பா இந்த வாயாடின்னு கேப்பாங்க. எம்பையன் பெருமையா முன்னால வந்து நிப்பான். அவன் இப்ப கேக்குறான், அப்பா, எனக்கு எழுதினதும் இப்படித்தான் யாருக்கோ எழுதினத எடுத்துப் போட்டதான்னு. நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் பழைய அட்டையைத் தொட்டுக் காட்டினார். "உங்க பையன் ஒருநாள் பல்வலின்னு கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். வகுப்பு அப்படியே அடங்கிப்போச்சு. நான் கரும்பலகையில எழுதிக்கிட்டிருந்தவ, பின்னால சத்தம் வரலையேன்னு பதிவேட்ட எடுத்துப் பாத்தேன். அவன் எழுந்து, இருக்கேன் டீச்சர், பல்லுதான் வரலன்னான். எல்லாரும் சிரிச்சோம். அன்னைக்கு எழுதினது அது. அவன்கிட்ட காட்டிட்டுத்தான் எழுதினேன். கேட்டுப் பாருங்க, அவனுக்கு ஞாபகம் இருக்கும்."

தையற்காரரின் முகம் கொஞ்சம் இளகியது. இளகியதைப் பார்த்ததும் டீச்சருக்கு மூச்சு வந்தது. எல்லாம் போனாலும் இது ஒன்று மிஞ்சினால் போதும் என்று தோன்றியது.

"அப்ப இதே மாதிரி எம்பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றார் அவர். "நான் போயி அவகிட்ட சொல்றேன். பள்ளிக்கூடத்துல உன்னப் பாத்திருக்காங்கம்மான்னு சொல்றேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். அந்தப் பெண் பக்கத்து வகுப்பு. தாழ்வாரத்தில் எத்தனையோ முறை எதிரே வந்திருப்பாள், அவ்வளவுதான். அழகாகப் பொய் சொல்ல அவரால் முடியும். எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று நொடியில் வரும். ஆனால் அப்படிச் சொன்னால் அது பட்டியலில் இன்னொரு நம்பர், அவ்வளவுதானே?

"எனக்கு அவளத் தெரியாது அண்ணே" என்றார்.

தையற்காரர் கணக்கு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வகுப்புதானே?"

கணக்கு டீச்சர் அவசரமாகப் புதிய அட்டையை எடுத்துப் பிரித்தார். "கணக்குல எழுபத்தெட்டு எடுத்திருக்கா. அறிவியல்ல..."

"மார்க் எனக்குத் தெரியும்மா. மார்க் இல்லாம ஒண்ணு."

கணக்கு டீச்சர் அட்டையைப் பார்த்தார். தலைமையாசிரியையைப் பார்த்தார். "அமைதியான பிள்ளை" என்றார்.

வெளியே மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பு மாறுகிற ஆரவாரம் எழுந்து அடங்கியது. தையற்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேனா கேட்டு வாங்கி, மகளின் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதைத் தலைமையாசிரியை பக்கம் நகர்த்தினார்.

"வேற பள்ளிக்கூடம் பாக்குறேன்" என்றார். "சான்றிதழுக்கு எப்ப வரணும்னு சொல்லி அனுப்புங்க."

எழுந்தார். பழைய அட்டையை எடுத்துக்கொள்வார் என்று டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு கணம் அதைப் பார்த்தார். கை நீளவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

தலைமையாசிரியை ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். கணக்கு டீச்சர் மேசையை ஒழுங்குபடுத்துகிற பாவனையில் அச்சடித்த அட்டையைக் கோப்பில் வைத்தார். பழைய அட்டையைக் கையில் எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அக்கா, இத என்ன பண்றது?"

டீச்சர் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். நான்கு மூலையிலும் பசை காய்ந்திருந்தது, ஒரு மூலையில் சுவரின் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தையற்காரர் மெதுவாகப் பிய்த்து எடுத்திருக்கிறார், கிழியாமல்.

"இதுல இருந்த வாக்கியத்த நீ முன்னாலயே எடுத்துக்கிட்ட" என்றார் டீச்சர். "அவர்கிட்டதான் ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."